பங்கு ஏறுமா இறங்குமான்னு கேட்காத கணக்கு: 1979-ன் இரண்டு படி மரம்

இன்னைக்குக் கதை 1979-ல வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையைப் பற்றி. ஆனா அதுக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிடறேன். அது புரிஞ்சா கட்டுரையும் புரிஞ்ச மாதிரிதான்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஆப்ஷன் விலையை நானே கணக்கு போடலாம்னு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ஒரு பங்கு, இன்னைக்கு விலை 100 டாலர். ஒவ்வொரு மாசமும் 20% ஏறும், இல்லைன்னா 10% இறங்கும், வேற எதுவும் நடக்காதுன்னு வெச்சுக்கிட்டேன். இரண்டு மாசம் கழிச்சு அந்தப் பங்கை 99 டாலருக்கு வாங்கற உரிமை, அதுதான் கால் ஆப்ஷன். கடைசி நாள்ல மட்டும்தான் பயன்படுத்த முடியும், அதனால ஐரோப்பிய வகை.

முதல் மாசம் 120 அல்லது 90. அங்கிருந்து இன்னொரு படி போனா 144, 108, 81-ன்னு மூணு முடிவு. ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கினா எந்த வரிசையில நடந்தாலும் அதே 108-தான். 99-க்கு வாங்கற உரிமை அந்த மூணு இடத்துலயும் முறையே 45, 9, 0 டாலர் பெறும். இந்தப் பங்கு ஏறற வாய்ப்பு 70%-ன்னு எடுத்துக்கிட்டு சராசரி போட்டேன். 25.83 வந்துச்சு.

டிரேடிங் டெஸ்க்ல வேலை பார்க்கற நண்பன்கிட்ட காட்டினேன். "சரிடா, இந்த விலைக்கு எத்தனை வேணும்னு சொல்லு, இப்பவே விக்கிறேன்"னு சிரிச்சான். சரியான விலை 9 டாலர்.

அவன் ஏன் சிரிச்சான்னு புரிய 1973-க்குப் போகணும். அந்த வருஷம் ஏப்ரல்ல சிகாகோ போர்டு ஆப்ஷன்ஸ் எக்ஸ்சேஞ்ச் திறந்துச்சு. அதே வருஷம் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இரண்டு பேரும் தங்களோட சூத்திரத்தை வெளியிட்டாங்க. விடை சரி, ஆனா அதை அடைய வெப்பம் பரவறதுக்கான இயற்பியல் சமன்பாடு மாதிரி ஒண்ணைத் தீர்க்கணும். பெரும்பாலான மாணவர்களுக்கு அது இருட்டறைதான். வில்லியம் ஷார்ப் 1978-ல வந்த தன் பாடப்புத்தகத்துல, விலை இரண்டு இடத்துக்குத்தான் போக முடியும்னு வெச்சு இதை எளிமையாக்கினார். அதை முழு முறையா வளர்த்து ஜான் காக்ஸ், ஸ்டீஃபன் ராஸ், மார்க் ரூபின்ஸ்டீன் மூணு பேரும் 1979-ல எழுதினதுதான் நம்ம கட்டுரை. கூட்டலும் பெருக்கலும் தெரிஞ்சா போதும். (ரெண்டில்மன், பார்ட்டர்னு இரண்டு பேர் அதே வருஷம் தனியா இதே மரத்தை வெளியிட்டாங்க. அவங்க பேரை யாரும் சொல்றதில்லை, நானாவது சொல்லிடறேன்.)

இப்ப நண்பனோட வித்தைக்கு வருவோம். கணக்கு சுலபமா இருக்க வட்டி பூஜ்ஜியம்னு வெச்சுக்கலாம். அவன் 30 ஆப்ஷன் விக்கிறான். கடைசியில அவன் எனக்குத் தர வேண்டியது 1,350, 270 அல்லது 0 டாலர். அந்தத் தொகை எந்தச் சூழ்நிலையிலும் கையில இருக்கற மாதிரி பங்கையும் கடனையும் சேர்த்து வெச்சுக்கணும். இதைக் கடைசியிலிருந்து பின்னோக்கித்தான் போடணும்.

முதல்ல 120-ல நிக்கறதா நினைச்சுக்கோங்க. அடுத்து 144 ஆனா 1,350 வேணும், 108 ஆனா 270 வேணும். தர வேண்டியதுல வித்தியாசம் 1,080, பங்கு விலையில வித்தியாசம் 36. வகுத்தா 30. அப்போ 30 பங்கு கையில இருக்கணும், 2,970 கடன் இருக்கணும். அன்னைக்கு இதோட நிகர மதிப்பு 3,600-ல 2,970 போக 630. இதே மாதிரி 90-ல போட்டா 10 பங்கு, 810 கடன், நிகரம் 90.

இன்னைக்கு என்ன பண்ணணும்? அடுத்த மாசம் 630 அல்லது 90 ஆகணும். வித்தியாசம் 540, பங்கு விலையில வித்தியாசம் 30. அப்போ 18 பங்கு. அதுக்கு 1,800 டாலர் வேணும், அதுல 1,530 கடன் வாங்கிக்கலாம். சொந்தக் காசு 270. ஆப்ஷன் ஒண்ணுக்கு 9 டாலர்.

விலை 120 ஆனா அவன் இன்னும் 12 பங்கு கடன்ல வாங்குவான், 1,440 சேர்ந்து கடன் சரியா 2,970 ஆகும். 90 ஆனா 8 பங்கை வித்து 720 கடனை அடைப்பான், மீதி 810. நான் அவன்கிட்ட கொடுத்திருக்கக் கூடியது 774.90. செலவு 270 போக மீதி 504.90 அவனுக்கு லாபம், பங்கு எங்க போனாலும்.

கவனிச்சீங்களா, இந்தக் கணக்குல எந்த இடத்துலயும் 70% வரவே இல்லை. ஏறும்னு நம்பறவனுக்கும் இறங்கும்னு நம்பறவனுக்கும் அதே 9-தான். காக்ஸும் ராஸும் 1976-லயே இதிலிருந்து ஒரு குறுக்குவழி எடுத்திருந்தாங்க. யாரோட மனநிலையும் விலையைப் பாதிக்கலைன்னா, ஆபத்தைப் பற்றிக் கவலையே படாத ஒரு ஆளைக் கற்பனை பண்ணிக்கலாமே? அவருக்கு இந்தப் பங்கும் பேங்க் டெபாசிட்டும் ஒண்ணுதான், சராசரியா அதே வட்டி தரணும். வட்டி பூஜ்ஜியம்னா 120-க்கும் 90-க்கும் சராசரி 100 வரணும். அதுக்கு 120-க்கு மூணுல ஒரு பங்கு எடை, 90-க்கு மூணுல இரண்டு.

```python
p = (R - d) / (u - d)
f = (p * fu + (1 - p) * fd) / R
```

இங்க `u` 1.2, `d` 0.9, வட்டி இல்லாததால `R` 1. இந்த எடையை வெச்சு 45-ஐயும் 9-ஐயும் சராசரி போட்டா 21, 9-ஐயும் 0-வையும் போட்டா 3. 21-ஐயும் 3-ஐயும் போட்டா 9. பங்கு, கடன் எதையும் தொடாம அதே விடை. ஆனா இந்த `p` ஒரு முன்கணிப்பு இல்லை. நான் 70%-ஐ இந்த இடத்துல போட்டதுதான் தப்பு. உங்க `p` பூஜ்ஜியத்துக்குக் கீழயோ ஒண்ணுக்கு மேலயோ வந்தா, நீங்க கொடுத்த எண்கள்லயே பிழை இருக்கு. இரண்டு வழியிலயும் பங்கு டெபாசிட்டை ஜெயிக்குது, இல்லைன்னா இரண்டுலயும் தோக்குது. அப்படி ஒரு சந்தை நிக்காது.

இப்ப அந்த 90-ல நண்பன் வித்த 8 பங்குக்குத் திரும்புவோம். விலை இறங்கினா வில்லுங்கறது அவனோட மனக்கலக்கம் இல்லை, மரமே சொல்ற கட்டளை. ரூபின்ஸ்டீனும், ஹெய்ன் லீலண்ட், ஜான் ஓ'பிரையனும் நடத்தின நிறுவனம் பெரிய ஃபண்டுகளுக்கு இதே மாதிரி ஒண்ணை வித்துச்சு. பேரு போர்ட்ஃபோலியோ இன்சூரன்ஸ். நிஜமா ஆப்ஷன் வாங்காம, சந்தை இறங்க இறங்க வித்து, ஆப்ஷன் வெச்சிருந்தா கிடைக்கற பாதுகாப்பைச் செயற்கையா உருவாக்கறது.

1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை. டௌ ஜோன்ஸ் ஒரே நாள்ல 22.6% விழுந்துச்சு. அந்த வீழ்ச்சியில போர்ட்ஃபோலியோ இன்சூரன்ஸோட பங்கு எவ்வளவுன்னு இன்னும் சண்டை நடக்குது. ஆனா மரத்துக்கு என்ன ஆச்சுங்கறது தெளிவு. 100-லிருந்து 90-ல நிக்காம நேரா 75-க்குப் போயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. நண்பன்கிட்ட இருக்கற 18 பங்கோட மதிப்பு 1,350, கடன் 1,530. ஆப்ஷன் செல்லாக்காசு ஆனா கூட அவனுக்கு 180 டாலர் ஓட்டை. 90-ல விக்க வேண்டிய 8 பங்கை வாங்க 90-ல ஆளே இல்லை, ஏன்னா எல்லாரும் அதே கட்டளையோட விக்க நிக்கறாங்க. மூணாவதா ஒரு கிளை இருந்தா, பங்கையும் கடனையும் மட்டும் வெச்சு எல்லா முடிவையும் ஈடுகட்ட முடியாது. அப்போ ஒரே சரியான விலைன்னு ஒண்ணும் இல்லை.

நான் தேடிப் படிச்சதுல எனக்குப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடந்ததுதான். 1987-க்குப் பிறகு எஸ் அண்ட் பி 500 குறியீட்டு ஆப்ஷன்கள்ல, பெரிய வீழ்ச்சிக்குக் காப்பு தர்றதுக்கு மட்டும் சந்தை கூடுதல் விலை வைக்க ஆரம்பிச்சுது. எல்லாப் படியிலயும் ஒரே `u`, ஒரே `d` வெச்ச பழைய மரத்துல அந்த விலை வராது. 1994-ல ரூபின்ஸ்டீன் தன் மரத்தைத் தானே தலைகீழாத் திருப்பினார். எண்களைக் கொடுத்து விலையைக் கண்டுபிடிக்காம, சந்தையில ஓடற ஆப்ஷன் விலைகளை எடுத்து, அதுக்குப் பொருந்தற எடைகளையும் கிளைகளையும் கடைசி வரிசையிலிருந்து பின்னோக்கிக் கட்டினார்.