ஸ்டடி டைம்டேபிளா? கடைசி நாள்ல இருந்து எழுத ஆரம்பிங்க!

எக்ஸாம் தேதி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோவாக இருக்கும். சிலபஸ் வேறெங்கோ ஒரு பி.டி.எஃபில் இருக்கும். முக்கியமான கேள்விகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில். இதையெல்லாம் ஒரே கட்டத்துக்குள் கொண்டுவர உட்காருவோம். கலர் பேனாவெல்லாம் எடுத்து அழகா போட்ட டைம்டேபிள், மூன்றாம் நாளே படுத்துவிடும். காரணம் சோம்பேறித்தனம் மட்டுமில்லை. நாம் அதை இன்றிலிருந்து எழுத ஆரம்பிக்கிறோம். அதனால், ரிவிஷனுக்கு நாள் மிஞ்சுவதே இல்லை.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். நீங்கள் இன்ஜினீயரிங் செமஸ்டர் எழுதுகிறீர்கள். கணிதம் நவம்பர் 3, பிசிக்ஸ் 5, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் 10, டிஜிட்டல் 12, சுற்றுச்சூழல் 17. பேப்பருக்கு 5 யூனிட், மொத்தம் 25. படிக்கத் தொடங்குவது அக்டோபர் 6, திங்கள்கிழமை.

முதலில் கட்டங்களை எண்ணுங்க

ஒரு கட்டம் என்பது ஒன்றேகால் மணி நேரம். காலேஜ் நாள்களில் மாலை ஒன்று, இரவு ஒன்று. சனி, ஞாயிறில் நான்கு நான்கு. வாரத்துக்கு 18 வரும், நான்கு வாரத்துக்கு 72. நடுவில் 19, 20 தேதிகளில் தீபாவளி. அன்றைக்குப் படிப்பேன் என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாமல், அந்த 6 கட்டங்களை அடித்துவிடுங்கள். மிச்சம் 66.

அடுத்து யூனிட்டுக்கு விலை போடுங்க

எல்லா யூனிட்டும் ஒரே எடை கிடையாது. ஈஸியானதுக்கு 1 கட்டம், நடுத்தரம் 2, கஷ்டமானது 3. இங்கே கணிதம் 12, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் 10, பிசிக்ஸ் 9, டிஜிட்டல் 9, சுற்றுச்சூழல் 5 என வைத்துக்கொள்வோம். மொத்தம் 45. மீதி 21 கட்டங்கள்தான் ரிவிஷனுக்கும் சறுக்கலுக்கும்.

இப்போ பின்னாடியிலிருந்து நிரப்புங்க

தேதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். கணிதத்துக்கும் பிசிக்ஸுக்கும் நடுவே ஒரே நாள்தான். அதனால், இரண்டின் ரிவிஷனும் நவம்பர் 3-க்கு முன்பே முடிய வேண்டும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கும் டிஜிட்டலுக்கும் 6 முதல் 9 வரை நான்கு நாள் கிடைக்கிறது, அவற்றின் கடைசி ரிவிஷன் அங்கே போகலாம். இப்படிப் போட்டால் கடைசி வாரம் இப்படி இருக்கும்:

| நாள் | கட்டங்கள் |
|---|---|
| திங்கள் 27 | டிஜிட்டல் 5, சுற்றுச்சூழல் 1 |
| செவ்வாய் 28 | சுற்றுச்சூழல் 2, 3 |
| புதன் 29 | சுற்றுச்சூழல் 4, போன வார ரிவிஷன் |
| வியாழன் 30 | சுற்றுச்சூழல் 5, காலி |
| வெள்ளி 31 | பிசிக்ஸ் ரிவிஷன் 2 கட்டம் |
| சனி 1 | பிசிக்ஸ் ரிவிஷன் 2, கணிதம் ரிவிஷன் 2 |
| ஞாயிறு 2 | கணிதம் ரிவிஷன் 4 |

முதல் மூன்று வாரங்களிலும் வாரக் கடைசியில் 2 கட்டம் ரிவிஷன், வியாழன் இரவு காலி. மற்றதெல்லாம் புது யூனிட். ஒரே நாளில் இரண்டு கஷ்டமான யூனிட் வராமல் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ரிவிஷன்னா திரும்ப வாசிப்பது இல்லை

மார்க்கர் அடித்த வரிகளைத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு, பழைய கேள்வித்தாளிலிருந்து ஒரு 13 மார்க் கேள்வியை எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ, அந்த இடத்தை மட்டும் திறந்து படியுங்கள். ரிவிஷன் கட்டத்தில் 'கணிதம்' என்று மொட்டையாக எழுதாமல், 'யூனிட் 2, இரண்டு கணக்கு' என்று எழுதினால், உட்கார்ந்ததும் வேலை தொடங்கிவிடும்.

சறுக்கினால் என்ன செய்வது?

விட்டுப்போனது வியாழன் இரவின் காலிக் கட்டத்துக்குப் போகும். அதை அடுத்த நாள் தலையில் கட்டினால் வாரம் முழுக்கச் சரியும். காலிக் கட்டம் இரண்டு வாரமும் போதவில்லை என்றால், நீங்கள் போட்ட விலை குறைவு என்று அர்த்தம். மீதமுள்ள கஷ்டமான யூனிட்களுக்கு ஒரு கட்டம் கூட்டுங்கள்.

அந்தக் கட்டத்துக்கு எங்கே போவது? கடைசி வாரத்தில் சுற்றுச்சூழலை வைத்தது இதற்குத்தான். அதன் தேர்வு 17-ம் தேதி, 13 முதல் 16 வரை நான்கு நாள் சும்மா கிடக்கிறது. தேவைப்பட்டால் அந்த 5 கட்டங்களையும் அங்கே தள்ளிவிடலாம். ஆனால் வெள்ளி முதல் ஞாயிறு வரையுள்ள 10 ரிவிஷன் கட்டங்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கூகுள் ஷீட்ல போட்டாலும் சரி, சார்ட் பேப்பர்ல போட்டாலும் சரி, இந்த வாரக் கட்டத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட்டோ போட்டோவோ எடுத்து லாக் ஸ்கிரீனில் வைங்க. ஞாயிறு இரவு அடுத்த வாரத்துக்கு மாத்திக்கலாம்.