மேட்டுத் தாங்கிக்குக் கீழே: கண்டி நீர்க்குழாய்களில் வால்வுத் தெரிவு

1. சிக்கல்

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் மலைகளுக்கு இடையே அமைந்த நகரம். மகாவலியிலிருந்து எடுத்துக் கட்டுகஸ்தோட்டையில் சுத்திகரிக்கும் நீரை மேட்டுத் தாங்கிகளுக்கு ஏற்றினால், அங்கிருந்து அது தானாகவே இறங்கி வீடுகளை அடையும். தாங்கிக்கு மிகத் தாழ்வாக உள்ள தெருவில் அழுத்தம் அளவுக்கு மீறும். அப்போது கைக்கு எட்டும் கேற் வால்வைப் பாதி மூடிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. அது ஏன் பயனற்றது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. ஒரு கணக்கு

தெரு தாங்கிக்கு 80 மீற்றர் கீழே இருப்பதாகவும், 150 மி.மீ. குழாயில் காலையில் செக்கனுக்கு 15 லீற்றர் ஓடுவதாகவும் கொள்வோம். குழாயின் உராய்வை இப்போதைக்கு விட்டுவிடலாம். வீடுகளுக்கு 30 மீற்றர் அழுத்தம் போதும். எனவே வால்வு 50 மீற்றரைக் குறைக்க வேண்டும்.

நீரின் வேகம் செக்கனுக்கு 0.85 மீற்றர். பாதி திறந்த கேற் வால்வில் இழப்பு வெறும் 7 சென்ரிமீற்றர் அளவே. கால்பங்கு திறப்பிலும் அது ஒரு மீற்றரை எட்டாது. 50 மீற்றர் குறைய வேண்டுமானால் மெல்லிய பிறைக் கீற்றளவே திறப்பு இருக்க வேண்டும். அக்கீற்றின் வழியே நீர் செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் பாயும். தகடு அதிரும், இருக்கை அரிபடும். பாய்ச்சலில் அழுத்தம் வீழ்ந்து ஆவிக்குமிழிகள் தோன்றி நொறுங்கினால், குழாய்க்குள் சரளைக்கல் உருளும் ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்டால் உலோகம் தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

3. இரவில் நேர்வது

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. ஓடும் நீருக்கே வால்வு தடையாகும். இழப்பு ஓட்டத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். நள்ளிரவில் ஓட்டம் செக்கனுக்கு 2 லீற்றராகக் குறைந்தால், அதே திறப்பில் இழப்பு 0.9 மீற்றர் மட்டுமே. தெருவில் அழுத்தம் மீண்டும் 79 மீற்றர்! பழைய குழாய்கள் இரவில் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளோப் வால்வை வைத்துக் கையால் திருகினாலும் இக்குறை தீராது.

4. தெரிவு

கேற் வால்வுக்கு முழுத் திறப்பு, முழு மூடல் ஆகிய இரண்டு நிலைகளே உரியவை. வீட்டுக் குழாயில் போல் வால்வும் அப்படித்தான். அரைத் திறப்பில் விட்டால் அதன் மென்மையான இருக்கை அரிக்கப்படும். பெரிய குழாய்களில் பட்டர்ஃபிளை வால்வு இடமும் செலவும் மிச்சப்படுத்தும். நடுத்தரத் திறப்பில் ஓரளவு ஓட்டத்தையும் கட்டுப்படுத்தும், ஆனால் இத்தனை பெரிய அழுத்தவீழ்ச்சிக்கு அது ஏற்றதன்று. ஓட்டத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தக் குளோப் வால்வே வேண்டும்; முழுதாகத் திறந்தால் மேற்சொன்ன ஓட்டத்தில் அதன் இழப்பு அரை மீற்றரைத் தாண்டாது.

நம் தெருவுக்குத் தேவை குளோப் உடலில் அமைந்த தானியங்கி அழுத்தக் குறைப்பு வால்வு. அது கீழ்ப்பக்க அழுத்தத்தை உணர்ந்து, ஓட்டம் நின்றால் தானே மூடிக்கொள்ளும். அதன் இருபுறமும் கேற் வால்வுகள், மேற்பக்கத்தில் ஒரு வடிகட்டி, கீழ்ப்பக்கத்தில் ஓர் அழுத்தமானி வேண்டும்.

சோதிப்பது எளிது. கீழ்ப்பக்கக் கேற் வால்வை மூடி, அதற்கும் குறைப்பு வால்வுக்கும் இடையிலுள்ள மானியைப் பார்க்க வேண்டும். முள் 30 மீற்றரை அண்டி நின்றால் குறைப்பு வால்வு நலம். 80-ஐ நோக்கி ஏறினால் அதன் இருக்கை கசிகிறது. கேற் வால்வு இறுக மூடினால்தான் இச்சோதனையை நம்பலாம். பாதித் திறப்பில் கிடந்து அரிபட்ட கேற் வால்வு, குறைப்பு வால்வின் கசிவைத் தன் வழியே வெளியேற்றி மறைத்துவிடும்.