வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காய் (மலமிளக்கும் நார்க்காய்கள்)

மலம் இறுகாமல் இருக்கத் தமிழ் வீடுகளில் நெடுங்காலமாகச் சமைக்கப்படும் மூன்று காய்கள். இவற்றின் நார் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, நீரைப் பிடித்துவைத்து மலத்தின் அளவைக் கூட்டுகிறது. பருத்த, ஈரமான மலம் முக்காமல் இறங்கும்.

வாழைத்தண்டில் வெளிப்பட்டைகளை உரித்து, உள்ளே கைக்கு வழவழப்பாகப் படும் வெண்தண்டை மட்டும் எடுக்க வேண்டும். வில்லையாக நறுக்கும்போது இரு துண்டுகளுக்கு நடுவே நூல் இழுபடும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றி எடுத்துவிடுவார்கள். மெல்ல முடியாத அந்த நூல் போனாலும் சதையிலுள்ள நார் போதும். நறுக்கியதை மோர் கலந்த நீரில் போட்டால் கறுக்காது. தண்டுச்சாற்றை வடிகட்டிக் குடிப்பவர்கள் வேண்டிய நாரைச் சக்கையோடு எறிந்துவிடுகிறார்கள்; பொரியலோ கூட்டோதான் இதற்கு ஏற்றது.

வாழைப்பூவில் ஒவ்வொரு பூவிலும் உள்ள கள்ளனையும் கண்ணாடி போன்ற செதிலையும் நீக்கி, பருப்போடு உசிலி செய்வது வழக்கம். முருங்கையில் துப்பும் சக்கை குடலுக்குப் போவதில்லை. வழித்துத் தின்னும் சதையும் பிஞ்சு விதையுமே பயன்படும்.

தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பி, மலம் இன்னும் இறுகலாம். ஆகவே சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். மலத்தில் ரத்தம், வாந்தியுடன் வயிற்றுவலி, காற்றும் பிரியாத நிலை ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அப்போது இக்காய்களைத் தின்னக் கூடாது.