ஷண்முகமும் சண்முகமும் ஆறுமுகமும்

ஆறு முகங்களையுடைய முருகனின் பெயரை நம்மவர் மூன்று விதமாகப் பிள்ளைகளுக்கு இட்டு வந்திருக்கின்றனர். ஷண்முகம் என்று எழுதுவோர் உளர். சண்முகம் என்று எழுதுவோரே அதிகம். ஆறுமுகம் என்போரும் ஊருக்கு ஊர் உளர். பொருள் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் வடசொல்லும் வடவெழுத்தும் இருக்கின்றன. இரண்டாவதில் வடசொல் இருக்கிறது, வடவெழுத்து இல்லை. மூன்றாவதில் இரண்டுமே இல்லை. கிரந்த எழுத்துப் பற்றிய வாதம் பல வேளைகளில் குழம்பிப் போவதற்குக் காரணம், எழுத்தை மாற்றுவதையும் சொல்லை மாற்றுவதையும் ஒன்றெனக் கொள்வதே.

எழுத்தை மாற்றுவது பழைய வழி. வடசொல்லை ஏற்கலாம், அதன் வடவெழுத்தை நீக்கிவிட வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. எந்த ஒலி எதுவாகும் என்பதை நன்னூல் விரித்தது. கம்பர் லக்ஷ்மணனை இலக்குவன் ஆக்கியதும் விபீஷணனை வீடணன் ஆக்கியதும் இவ்வழியில்தான். அவர்கள் வடசொல்லை வெறுத்தவர்கள் அல்லர்.

சொல்லையே மாற்றுவது பின்னர் வந்த வழி. சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞரானார். சூரியன் பரிதியாகவும், நாராயணன் மாலாகவும், சாஸ்திரி கலைஞராகவும் மாறின. சுவாமி வேதாசலம் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி மறைமலை அடிகளானார். வேதாசலம் என்ற பெயரிலே ஒரு கிரந்த எழுத்தும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய வழக்கு எழுத்தோடு அன்று, சொல்லோடு.

இனி நமது வீடுகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துத் தாய் பிள்ளையை "என்ர ராசா" என்றுதான் கொஞ்சுவாள். இரு உயிர்களுக்கிடையே வரும் சகரம் ஸகரமாகவே ஒலிப்பதால், ராசா என்று எழுதுவதில் அவள் காதுக்கு நட்டமில்லை. ராஜா என்பது ஏட்டிலும் பதிவிலும் வந்த வடிவம். ஆனால் சொல்லின் இறுதியில் சிக்கல் வருகிறது. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே தாஸ் என்பதை எழுத்து மட்டும் மாற்றித் தமிழாக்க இயலாது. தாசன் என ஈறும் சேர வேண்டும். பொதுவுடைமைத் தலைவர் நா. சண்முகதாசனின் பெயர் அவ்வாறு அமைந்தது. தமிழ்ப் பேராசிரியர் அ. சண்முகதாஸின் பெயரோ முன்பாதியில் தொல்காப்பியர் வழியையும் பின்பாதியில் கிரந்தத்தையும் கொண்டு நிற்கிறது. இலக்கணம் கற்பித்தவர் பெயரே அப்படியென்றால், கிரந்தம் வைத்திருப்போர் தமிழறியாதவர் என்பது பொருந்தாது.

கிரந்தத்தை விடாதோர்க்கு வேறொரு காரணமும் உண்டு. நட்சத்திரத்துக்குரிய நாம எழுத்தைப் பஞ்சாங்கத்திற் பார்த்தே பல குடும்பங்கள் பெயர் வைக்கின்றன. உத்தராடத்துக்கும் திருவோணத்துக்கும் ஜகர வரிசை எழுத்துகள் வருகின்றன. திருவோணத்திற் பிறந்த பிள்ளைக்கு 'ஜே' என்ற எழுத்தையொட்டி ஜெயந்தன் எனப் பெயரிடுகிறார்கள் என்று கொள்வோம். அதைச் செயந்தன் ஆக்கினால் 'சே' அசுவினிக்குரிய எழுத்தாகிவிடும். தமிழாசிரியர் ஓர் எழுத்தைத் திருத்தினார். சாத்திரம் பார்க்கும் பாட்டனாருக்கோ பிள்ளையின் நட்சத்திரமே மாறிவிட்டது. முஸ்லிம் குடும்பங்களின் நிலை வேறு. ஹஸன் என்பது அசன் எனத் தமிழில் முன்பு இயல்பாக வழங்கியது. அறபு ஒலியைப் பேண விரும்புவோர்க்கு ஹகரமும் ஸகரமும் இன்று தேவைப்படுகின்றன.

இத்தகைய காரணம் எதுவுமின்றி, ஒலியின் கவர்ச்சிக்காக மட்டும் ஜகரமும் ஷகரமும் சேர்த்துக் கட்டப்பட்ட பெயர்களும் கடந்த சில தசாப்தங்களிற் பெருகின. அவற்றிற் சிலவற்றுக்கு எம்மொழியிலும் பொருள் இல்லை. தூய தமிழ்ப் பெயர் வேண்டுமென்ற குரல் உரத்து ஒலித்த அதே காலத்தில் இதுவும் நடந்தது. சண்முகத்தின் பேரன் ஒரு வீட்டில் இளங்கோ. அடுத்த வீட்டில் நிரோஜன்.

எதை எழுதினாலும் ஒன்றையே எழுதுதல் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஜெயராசா என்றும் பாடசாலை இடாப்பிற் செயராசா என்றும் இருந்தால், தமிழ் வாசிப்போர் இருவரும் ஒருவரே என்று அறிவர். ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது ஒன்று ஜே எழுத்திலும் மற்றையது எஸ் எழுத்திலும் தொடங்கும். அப்போது இருவரும் ஒருவரே என நிறுவச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்க நேரும். எழுத்தை மாற்ற விரும்பும் பெற்றோர் பிறப்பைப் பதியும் நாளிலேயே மாற்றிவிடுவது நன்று. பின்னர் பிள்ளையின் பெயரை ஆசிரியரோ எழுதுவினைஞரோ தம் விருப்புக்குத் திருத்துதல் ஆகாது. ஜகரமோ சகரமோ, அதைத் தெரிவு செய்யும் உரிமை அந்த வீட்டாருடையது.