ஒரே பெயர், இரண்டு பொருள்: அரபுப் பெயர்த்தொடரில் ‘ஷிப்ஹு ஜும்லா’ பெங்களூர் வந்த வழி

பெங்களூரில் அரபு இலக்கணம் படிப்போர் இரண்டு வகைப்பட்ட பயிற்சியிலிருந்து வருகிறார்கள். ஒரு சாரார் மதரஸாவில் ‘தர்கீப்’ போட்டுப் பழகியவர்கள். மற்றவர்கள் அரபு நாடுகளில் உருவான பாடநூல்களின் வழியே ‘இஃராப்’ சொல்லக் கற்றவர்கள். இரு சாராருக்கும் ‘அத்தாலிபு ஃபில் மஸ்ஜிதி’ (மாணவன் பள்ளிவாசலில் இருக்கிறான்) என்ற எளிய தொடரைக் கொடுத்தால், இருவருமே ‘இதில் பயனிலை ஷிப்ஹு ஜும்லா’ என்றுதான் விடை சொல்வார்கள். விடை ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவர்கள் சுட்டுவது ஒரே பொருளை அல்ல. முன்னவர் சுட்டும் சொல் தொடரிலேயே இல்லை. பின்னவர் சுட்டுவது கண்முன் இருக்கும் ‘ஃபில் மஸ்ஜிதி’யை. இந்த வேறுபாடு எங்கே பிறந்தது, எவ்வழியாகத் தென்னிந்தியாவுக்கு வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். அரபுப் பெயர்த்தொடரின் எழுவாய் ‘முப்ததா’. அதைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி ‘ஃகபர்’. (‘கபர்’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு அடக்கத்தலம் நினைவுக்கு வரும் என்பதால் ஆய்தம் சேர்த்திருக்கிறேன்.) இரண்டும் எழுவாய் வேற்றுமையில், அதாவது ‘ரஃபு’ நிலையில் நிற்க வேண்டும். ‘அல்மஸ்ஜிது கபீருன்’ (பள்ளிவாசல் பெரியது) என்பதில் இரு சொற்களின் ஈற்றிலும் உகரம் ஒலிக்கிறது, அதனால் சிக்கலில்லை. ‘அத்தாலிபு ஃபில் மஸ்ஜிதி’யிலோ ஈற்றில் இகரம் நிற்கிறது. ‘ஃபீ’ என்ற முன்னிடைச்சொல் தன் பெயரை ‘ஜர்ரு’ நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. இகரத்தில் முடியும் சொல்லை ரஃபு நிலைப் பயனிலை என்று சொல்ல முடியுமா? இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இலக்கணிகள் பல நூற்றாண்டுகள் வாதிட்டார்கள்.

எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்த சீபவைஹி, தம் ‘அல்கிதாபு’ நூலில் இதற்கு இரண்டு சொற்களை ஆண்டார். இடத்தைக் குறிக்கும் தொடரே பயனிலையாக அமைந்து கூற்றை முடித்துவைத்தால் அது ‘முஸ்தகர்ரு’, நிலைகொண்டது. வேறொரு சொல் பயனிலையாக இருக்க, இடத்தொடர் அதைச் சார்ந்து நின்றால் அது ‘லஃக்வு’, அதாவது கூற்றை முடிக்கும் பொறுப்பு இல்லாதது. ‘அத்தாலிபு ஜாலிஸுன் ஃபில் மஸ்ஜிதி’ (மாணவன் பள்ளிவாசலில் அமர்ந்திருக்கிறான்) என்னும்போது பயனிலை ‘ஜாலிஸுன்’. ‘ஃபில் மஸ்ஜிதி’ அதைச் சார்ந்த லஃக்வு. மாணவர் அதிகம் தவறுவது இங்கேதான். முன்னிடைச்சொல்லைக் கண்டதும் அதுவே ஃகபர் என்று குறித்துவிடுகிறார்கள். சரிபார்க்க எளிய வழி உண்டு. அந்த இடத்தொடரை எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ‘அத்தாலிபு ஜாலிஸுன்’ முழுமையாக நிற்கிறது, ‘அத்தாலிபு’ மட்டும் நிற்பதில்லை.

சீபவைஹிக்குப் பின் வந்தவர்கள், முஸ்தகர்ரு எதில் நிலைகொள்கிறது என்று கேட்டார்கள். அரபு இலக்கணத்தில் இடைச்சொல் தொடர் தனித்து நிற்காது. அது ஒரு வினையையோ வினையின் தன்மை கொண்ட பெயரையோ பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பற்றுக்குப் பெயர் ‘தஅல்லுக்’. பற்றுக்கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது மறைந்து நிற்பதாகக் கொள்ள வேண்டும். அப்படி மறைந்திருப்பது ‘இஸ்தகர்ர’ (நிலைகொண்டான்) என்ற வினையா, ‘முஸ்தகிர்ருன்’ (நிலைகொண்டவன்) என்ற பெயரா? வினை என்றால் பயனிலை ஒரு முழுத்தொடர், ஏனெனில் அரபு வினை தன் எழுவாயைத் தன்னுள்ளேயே கொண்டது. பெயர் என்றால் பயனிலை ஒற்றைச் சொல். வினை என்றவர்கள், பிற சொற்களின் ஈற்றை ஆளும் ஆற்றல் மூலத்தில் வினைக்கே உரியது என்று வாதிட்டார்கள். பெயர் என்றவர்கள், பயனிலையின் இயல்பு வடிவம் ஒற்றைச் சொல்லே என்றார்கள். 928-இல் மறைந்த இப்னுஸ் ஸர்ராஜ் மூன்றாவதாக ஒரு வழி சொன்னதாக அவருடைய மாணவர் அபூ அலீ அல்ஃபாரிஸி பதிவு செய்தார். இடத்தொடர் சொல்லும் அல்ல, தொடரும் அல்ல, தனியொரு வகை என்பதே அந்தக் கருத்து. 1274-இல் மறைந்த இப்னு மாலிக் தம் ‘அல்ஃபிய்யா’வில் பெயர், வினை இரண்டையும் ஏற்றார்.

இந்த இடத்தில் தமிழ் இலக்கணம் கற்றவருக்குப் பழகிய ஒன்று தென்படும். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்ற ஆறின் அடியாகக் குறிப்பு வினைமுற்றுப் பிறக்கும் என்பது நன்னூல். ‘அவன் மலையன்’ என்றால் இடத்தைக் குறிக்கும் பெயரே வினைபோல நின்று கூற்றை முடிக்கிறது, காலம் குறிப்பால் பெறப்படுகிறது. பவணந்தியார் இந்நூலைச் சீயகங்கன் வேண்ட இயற்றினார் என்பர். கங்கர்களின் பழைய தலைநகர் பெங்களூருக்குக் கிழக்கே உள்ள கோலார். இடத்தைச் சொல்லும் பயனிலை பெயரா வினையா என்ற தடுமாற்றம் இரு மரபுக்கும் இருந்தது. தமிழ் அதை வினையின் ஒரு வகையாக்கித் தீர்த்தது, அரபு மறைசொல்லைக் கொண்டு தீர்த்தது. ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்றது என்று நான் சொல்லவில்லை. ‘மலையன்’ என்பதில் ஆண்பால் விகுதி செய்யும் வேலையை, ‘முஸ்தகிர்ருன்’ என்பதற்குள் மறைந்திருக்கும் ‘ஹுவ’ (அவன்) செய்கிறது என்று காட்டினால் தமிழ் மாணவருக்கு அது உடனே பிடிபடுகிறது.

மறைசொல்லே வேண்டாம் என்றவரும் உண்டு. 1196-இல் மறைந்த குர்துபாவின் இப்னு மளா, இலக்கணிகளை மறுத்து எழுதிய நூலில், இடத்தொடர் எதையும் சேர்க்காமலே பொருள் நிறைந்தது என்றார். அக்காலத்தில் அவர் சொல் எடுபடவில்லை. 1360-இல் மறைந்த இப்னு ஹிஷாம் தம் ‘முஃக்னில் லபீப்’ நூலில் தொடர்களுக்கு ஒரு பெரும் பகுதியையும், இடைச்சொல் தொடருக்கும் இட-காலப் பெயர்களுக்கும் அடுத்த பகுதியையும் ஒதுக்கி, பற்றுக்கோட்டு விதிகளை வரிசைப்படுத்தினார். தொடர் போன்றது என்று பொருள்படும் ‘ஷிப்ஹு ஜும்லா’ இவ்விரண்டுக்கும் பொதுப்பெயராக அரபுலகில் நிலைத்தது.

இந்தியாவில் ஆட்சி செலுத்தியது வேறொரு நூல். 1249-இல் மறைந்த இப்னுல் ஹாஜிபின் ‘காஃபியா’வும் அதற்கு ஜாமி எழுதிய உரையும், லக்னோவின் ஃபிரங்கி மஹலில் முல்லா நிஜாமுத்தீன் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்த பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. அதுவே தர்ஸே நிஜாமி. அவருடைய மகன் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ, ஆற்காட்டு நவாபின் அழைப்பில் சென்னை வந்து கற்பித்து 1810-இல் இங்கேயே மறைந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் எழுந்தது. பெங்களூரில் சபீலுர் ரஷாதை மௌலானா அபுஸ் ஸுஊத் அஹ்மத் நிறுவினார். லக்னோவின் பாடமுறை தெற்கே வந்த வழியில் இவை முக்கியமான நிறுத்தங்கள்.

அந்த மரபில் தர்கீப் போடும்போது மாணவர் இப்படிச் சொல்வார்: ‘ஃபீ’ ஜர்ரு செய்யும் இடைச்சொல், ‘அல்மஸ்ஜிதி’ மஜ்ரூர். இரண்டும் சேர்ந்து, மறைந்துள்ள ‘ஸாபிதுன்’ (நிலைத்தவன்) என்பதைப் பற்றி நிற்கின்றன. ‘ஸாபிதுன்’ வினைத்தன்மையுள்ள பெயர், அதனுள் மறைந்த ‘ஹுவ’ அதன் எழுவாய். ‘ஸாபிதுன்’ தன் எழுவாயோடும் பற்றுத்தொடரோடும் சேர்ந்து ஷிப்ஹு ஜும்லாவாகி, ஃகபர் ஆகிறது. முப்ததாவும் ஃகபரும் சேர்ந்து ஜும்லா இஸ்மிய்யா. இங்கே ‘தொடர் போன்றது’ என்ற பெயர் எதற்கு இடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அது ‘ஸாபிதுன்’ என்ற பெயரும் அதன் எழுவாயும் சேர்ந்த கூட்டுக்கு உரியது. வினையும் எழுவாயும் சேர்ந்தால் தொடர், வினைபோன்ற பெயரும் எழுவாயும் சேர்ந்தால் தொடர்போன்றது என்பது அவர்கள் கணக்கு. இடத்தொடருக்கு இவர்கள் வைத்துக்கொண்ட பெயர் சீபவைஹியின் பழைய சொல்லான முஸ்தகர்ரு. வழக்கொழிந்திருக்கக்கூடிய ஒரு சொல்லைத் தென்னிந்திய வகுப்பறைகளும் காப்பாற்றி வைத்திருக்கின்றன என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

இருபதாம் நூற்றாண்டில் எகிப்து வேறு திசையில் நடந்தது. அலீ அல்ஜாரிமும் முஸ்தஃபா அமீனும் எழுதிய ‘அந்நஹ்வுல் வாளிஹ்’ போன்ற பள்ளி நூல்கள் பாடத்தை எளிமையாக்கின. 1938-இல் தாஹா ஹுஸைன் இடம்பெற்ற கல்வி அமைச்சகக் குழு, பொதுவான மறைசொல்லைக் கற்பிக்க வேண்டியதில்லை என்று பரிந்துரைத்தது. 1947-இல் ஷவ்கி ளைஃப், இப்னு மளாவின் நூலையே அச்சேற்றினார். இன்றைய பள்ளி நூல்களில் ‘ஷிப்ஹு ஜும்லா, ரஃபு நிலையின் இடத்தில் ஃகபர்’ என்று எழுதினால் போதும். வாணியம்பாடியில் பிறந்து மதீனாவில் கற்பித்த வி. அப்துர் ரஹீமின் பாடநூல்கள் இடைச்சொல் பயனிலையைத் தொடக்கப் பாடங்களிலேயே பழக்கிவிடுகின்றன. அவ்வழியில் கற்ற மாணவருக்கு ‘ஸாபிதுன்’ அந்நியமாகவே படும்.

முழுத்தொடரே பயனிலையாக வரும்போது இரு முறைகளுக்கும் கருத்து வேற்றுமை குறைவு. ‘அல்மத்ரஸது பாபுஹா மஃப்தூஹுன்’ (மதரஸா, அதன் கதவு திறந்திருக்கிறது). ‘அல்மத்ரஸது’ முதல் முப்ததா. ‘பாபு’ இரண்டாம் முப்ததா, ‘ஹா’ அதைச் சார்ந்து ஜர்ரு இடத்தில் நிற்கும் சுட்டு. ‘மஃப்தூஹுன்’ இரண்டாவதன் ஃகபர். ‘பாபுஹா மஃப்தூஹுன்’ என்ற சிறுதொடர் முழுவதும் ரஃபு நிலையின் இடத்தில் நின்று முதலாவதன் ஃகபர் ஆகிறது. தமிழில் ‘மதரஸாவின் கதவு திறந்திருக்கிறது’ என்று பெயர்த்துவிட்டு அதை வைத்துப் பகுத்தால் ஒரு முப்ததா காணாமல் போகும், ஏனெனில் அந்தத் தமிழுக்கு நேரான அரபு ‘பாபுல் மத்ரஸதி மஃப்தூஹுன்’ என்ற வேறு தொடர். ‘மத்ரஸது’ பெண்பால் என்பதால் ‘மஃப்தூஹதுன்’ என்று எழுதுவது இன்னொரு பிழை. திறந்திருப்பது கதவு, அது ஆண்பால். ‘ஹா’ என்ற சுட்டுதான் சிறுதொடரைப் பெருந்தொடரோடு கட்டும் ‘ராபித்’. அதை விட்டு ‘அல்மத்ரஸது அல்பாபு மஃப்தூஹுன்’ என்றால் இரண்டு கூற்றுகள் ஒட்டாமல் கிடக்கும்.

இரு வகைப் பயனிலையும் ஒன்றாக வரும் தொடரில் மட்டும் பழைய வேறுபாடு திரும்பத் தலைகாட்டும். ‘அல்மத்ரஸது பாபுஹா அமாமல் மஸ்ஜிதி’ (மதரஸா, அதன் கதவு பள்ளிவாசலுக்கு எதிரே) என்று எழுதிப் பார்க்கலாம். வெளிச்சட்டம் முன்போலவே: முதல் முப்ததா, இரண்டாம் முப்ததா, இடையில் ‘ஹா’. ‘அமாம’ இடப்பெயர், அகர ஈறு பெற்று ‘நஸ்பு’ நிலையில் நிற்கிறது. ‘அல்மஸ்ஜிதி’ அதைச் சார்ந்தது. எகிப்துப் பள்ளி முறையில் ‘அமாமல் மஸ்ஜிதி’யே ஷிப்ஹு ஜும்லா, ‘பாபு’வின் ஃகபர். மதரஸா முறையில் ‘அமாம’வுக்கு அகர ஈறு ஏன் வந்தது என்ற கேள்வி எழும், அதற்கு விடையாக ‘ஸாபிதுன்’ வரும். அதனுள் மறைந்திருக்கும் ‘ஹுவ’ கதவைச் சுட்டும், வெளிப்படையாக நிற்கும் ‘ஹா’ மதரஸாவைச் சுட்டும்.