புக்கிட் பெலண்டோக்கில் சூரியன் தாமதமாக எழுவது எந்த மாதம்?

நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக், பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 2.6 பாகையில் உள்ளது. ஜூன் மாத நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதக் குறுகிய பகலுக்கும் அங்கே ஏறக்குறைய 18 நிமிடம்தான் வித்தியாசம். 13 பாகையில் இருக்கும் சென்னையில் அது ஒன்றரை மணி நேரம். லண்டனில் எட்டு மணி நேரத்துக்கும் மேல்.

ஆனால் இங்கே சூரியன் எழும் நேரம் அரை மணி நேரம் வரை மாறுகிறது. நவம்பர் தொடக்கத்தில் காலை 6.56 வாக்கில் எழும் சூரியன், பிப்ரவரி நடுவில் 7.26க்குத்தான் எழுகிறது. மறைவதும் அதே அளவு தள்ளிப்போகிறது. இரு மாதங்களிலும் பகல் சுமார் 12 மணி நேரம்தான். நகர்வது முழுப் பகலும்.

பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் அது சூரியனுக்கு மிக அருகில் வேகமாகச் சுற்றுகிறது. இவ்விரண்டாலும் டிசம்பர் கடைசியில் ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வர, 24 மணி நேரத்தோடு மேலும் அரை நிமிடம் ஆகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இப்படிச் சேரும் சிறு தாமதங்களே அந்த அரை மணி நேரம்.

1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதற்கு முன் பிப்ரவரி உதயம் 6.56 எனக் காட்டியிருக்கும். சூரியன் எழுவதற்கு ஏறக்குறைய 20 நிமிடம் முன்பே வெளிச்சம் பரவுவதால், பிப்ரவரியில் காலை ஏழு மணிக்கு முன் பால்மரம் வெட்டுவோருக்குத் தலைவிளக்கு தேவை.