ஆமைக்கு ஓட ஏலாது: ‘கலீலா வ திம்னா’விலிருந்து இஹ்வானுஸ் ஸபா வரை பேசும் பிராணிகள்

சின்ன வயதில் மூத்தம்மா ஆமையும் எலியும் காகமும் மானும் கூட்டாளிகளாக இருந்த கதையைச் சொல்லும்போது, வேடன் வருகிற இடத்தில் நான் எப்போதும் குறுக்கிடுவேன். “ஆமையும் ஓடியிருக்கலாந்தானே?” என்று கேட்பேன். “ஆமைக்கு எப்படி மகன் ஓட ஏலும்? அதுக்கு அல்லாஹ் குடுத்த கால் அவ்வளவுதானே” என்பார். பேசுகிற ஆமை ஏன் ஓடக் கூடாது என்ற கேள்விக்கு அவரிடம் அதற்கு மேல் பதில் இல்லை. அவர் சொன்னதில் ஒரு பெரிய இலக்கிய மரபின் விதியே இருந்தது என்பது பிற்பாடு அரபு மூலங்களைப் படித்தபோதுதான் விளங்கியது.

அந்த விதி இதுதான்: கதைக்காரன் பிராணிக்குப் பேச்சை மட்டுமே கடனாகக் கொடுக்கிறான். அதன் பசி, பயம், பல், சிறகு, வேகம் எல்லாம் அதனுடையவையாகவே இருக்கின்றன. அரபு இலக்கியத்தில் இந்த விதி எங்கே நன்றாக நின்றது, எங்கே தவறியது, பின்னர் எதற்குப் பயன்பட்டது என்பதை இரண்டு நூல்களைக் கொண்டு பார்க்கலாம். இரண்டுக்குமே பஸ்ரா நகரோடு தொடர்புண்டு.

மாலைப் புறாவின் அத்தியாயம்

முதலாவது, இப்னுல் முகஃப்பஃ கி.பி. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரபியில் தந்த ‘கலீலா வ திம்னா’. இந்தியப் பஞ்சதந்திரக் கதைகளை, பாரசீக மன்னர் அனூஷிர்வானின் காலத்தில் (531–579) புர்ஸோய் என்ற வைத்தியர் பஹ்லவி மொழிக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து அரபியாக்கியவர் இப்னுல் முகஃப்பஃ. தமிழில் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரக் கதை 1826இல் வந்தது. ஆகவே மூத்தம்மா சொன்ன கதையும் பக்தாதில் வாசிக்கப்பட்ட கதையும் ஒரே வேரில் முளைத்தவை.

அந்த நூலில் ‘அல்-ஹமாமதுல் முதவ்வகா’, அதாவது கழுத்தில் மாலை போன்ற வளையமுள்ள புறாவின் அத்தியாயம், நமது விதிக்கு மிகச் சிறந்த உதாரணம். வேடன் வலை விரித்துத் தானியம் தூவுகிறான். புறாக்கூட்டம் இறங்கி மாட்டிக்கொள்கிறது. முதலில் ஒவ்வொன்றும் தன்னை மட்டும் விடுவிக்கத் தனித்தனியே அடித்துக்கொள்கிறது. பறவை வலையில் விழுந்தால் அப்படித்தான் செய்யும். எல்லோரும் சேர்ந்து எழும்பினால் வலையே எழும்பும் என்று தலைவி சொல்கிறாள். அவை வலையோடு பறக்கின்றன. ஆனாலும் அவற்றால் வலையை அறுக்க முடிவதில்லை, ஏனெனில் புறாவின் அலகு அதற்கானதல்ல. பேச்சு அவற்றுக்கு ஒன்றுசேரும் புத்தியைக் கொடுத்ததே தவிர, புதிய அலகைக் கொடுக்கவில்லை. அதனால்தான் எலி தேவைப்படுகிறது.

எலி கடிக்கத் தொடங்கியதும் தலைவி ஒரு விசித்திரமான வேண்டுகோளை வைக்கிறாள். தன் கட்டை முதலில் அறுக்க வேண்டாம், மற்றவர்களின் கட்டுகளை அறுத்துவிட்டுக் கடைசியில் தன்னிடம் வரட்டும் என்கிறாள். தன்னை முதலில் விடுவித்தால், களைப்பு வந்ததும் எலி மற்றவர்களை விட்டுவிடக்கூடும். தான் கடைசியில் இருந்தால், எவ்வளவு களைத்தாலும் பழைய நண்பியை அது விட்டுவிடாது. தலைமைத்துவத்தின் பண்புக்கு உதாரணமாகவே இந்த இடத்தைப் பெரும்பாலும் எடுத்துச் சொல்வார்கள். அதுவும் சரிதான். ஆனால் அந்தப் பண்பு வெளிப்படுவதற்கு இடம் கொடுப்பது ஓர் எலியின் பல் களைக்கும் என்ற உண்மைதான். களைக்காத எலியாக இருந்திருந்தால், யாரை முதலில் விடுவிப்பது என்ற கேள்வியே எழுந்திருக்காது.

இதையெல்லாம் மரத்திலிருந்து பார்த்த காகம் எலியோடு சிநேகம் கொள்ள வருகிறது. எலி வளையை விட்டு வெளியே வர மறுக்கிறது. ‘நீ தின்பவன், நான் உன் தீன்’ என்பதே அதன் வாதத்தின் சாரம். நீண்ட நேரம் பேசியபின் காகத்தை நம்ப அது சம்மதிக்கிறது. அப்போதும் வளைவாசலிலேயே நிற்கிறது. காகத்தை நம்பினாலும் காகத்தின் இனத்தை எப்படி நம்புவது என்பது அதன் தயக்கம். இயல்பை மீறி ஒரு நட்பை உண்டாக்க வேண்டுமானால் கதைக்காரன் அதற்கு விலை கொடுக்க வேண்டும். இங்கே அந்த விலை ஒரு நீண்ட வாதமும், அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்கிற அச்சமும்.

அத்தியாயத்தின் முடிவு முழுவதும் ஆமையின் கால்களில் தங்கியிருக்கிறது. மான் கண்ணியில் விழுகிறது. காகம் உயரப் பறந்து அது கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. எலி கயிற்றைக் கடிக்கிறது. ஆமையும் மெல்ல மெல்ல அங்கே வந்து சேர்கிறது. மான் அதைக் கண்டு கவலைப்படுகிறது: வேடன் வந்தால் நான் ஓடுவேன், எலி பொந்துக்குள் போகும், காகம் பறந்துவிடும், நீ என்ன செய்வாய்? அப்படியே நடக்கிறது. மற்ற மூவரும் தப்ப, ஆமை பிடிபடுகிறது. அதை மீட்கும் தந்திரத்திலும் யாருக்கும் இல்லாத ஆற்றல் எதுவும் வருவதில்லை. மான் காயப்பட்டதுபோல் கிடக்கிறது. காகம் அதைக் கொத்தித் தின்பதுபோல் மேலே உட்கார்கிறது. காகம் பிணம் தின்னும் என்பது வேடனுக்குத் தெரியும், அதனால் நம்புகிறான். ஆமையைக் கீழே போட்டுவிட்டு மானை நோக்கிப் போகிறான். மான் கொஞ்சம் கொஞ்சமாக அவனைத் தூரத்துக்கு இழுக்க, எலி ஆமையின் கட்டை அறுக்கிறது.

இந்தக் கதையில் ஆமைக்குப் பதிலாக ஒரு முயலை வைத்துப் பாருங்கள். முயலும் ஓடிவிடும், கடைசிப் பகுதியே இல்லாமல் போய்விடும். பேசும் பிராணிக் கதை சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. ஒரு பிராணியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தாலும் கதை அப்படியே நடக்குமானால், அங்கே பிராணி வெறும் முகமூடிதான்.

தவறிய இடம்

அந்தச் சோதனையில் ‘கலீலா வ திம்னா’வே ஓரிடத்தில் தோற்கிறது. திம்னா என்ற நரியின் சூழ்ச்சியால் சிங்கம் எருதைக் கொன்றபின், திம்னா விசாரிக்கப்படும் ஓர் அத்தியாயம் வருகிறது. இது இந்திய மூலத்தில் இல்லை. குற்றவாளி தப்பிவிடக் கூடாது என்பதற்காக இப்னுல் முகஃப்பஃ தாமே சேர்த்தது என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அங்கே சிறைச்சாலை இருக்கிறது, விலங்கு பூட்டப்படுகிறது, நீதிவான், சாட்சிகள், குறுக்கு விசாரணை எல்லாம் நடக்கின்றன. வாதங்கள் கூர்மையானவை. ஆனால் நரிக்கு அங்கே மோப்பமும் இல்லை, ஓடுகிற காலும் இல்லை. அந்த இடத்தில் ஓர் அரண்மனை உத்தியோகத்தரை வைத்தாலும் ஒரு வரியும் மாறாது. நியாயத்தை நிலைநாட்டிய அந்த அத்தியாயம் நரியைத் தொலைத்துவிட்டது.

வழக்குக்கு வந்த பிராணிகள்

இரண்டாவது நூல், 10ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் இயங்கிய இஹ்வானுஸ் ஸபா என்ற அறிஞர் குழுவின் ரிஸாலாக்களில் 22ஆவது. ‘தூய்மையின் சகோதரர்கள்’ என்ற அவர்களின் பெயரே மாலைப் புறா அத்தியாயத்திலுள்ள ஒரு சொற்றொடரிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஹங்கேரிய அறிஞர் கோல்ட்ஸிஹர் கருதினார். எலி, காகம், ஆமை, மான் ஆகியவற்றின் கூட்டுறவு அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்திருக்கிறது.

ரிஸாலாவின் கதை இப்படிப் போகிறது. புயலில் அகப்பட்ட கப்பலிலிருந்து மனிதர்கள் ஒரு தீவில் கரையேறுகிறார்கள். அங்கே நிம்மதியாக வாழ்ந்த பிராணிகளைப் பிடித்து வேலை வாங்கப் பார்க்கிறார்கள். பிராணிகள் ஜின்களின் அரசனிடம் முறையிடுகின்றன. மனிதன் எங்கள் எஜமான் என்பதற்கு என்ன ஆதாரம் என்பதே வழக்கு. இதுவும் நீதிமன்றம்தான். ஆனால் திம்னாவின் விசாரணையில் நடந்தது இங்கே நடக்கவில்லை, ஏனென்றால் பிராணிகளின் உடம்பே இங்கே சாட்சியாகிறது. நிமிர்ந்து நிற்கும் எங்கள் வடிவமே மேன்மைக்கு அடையாளம் என்று மனிதர்கள் வாதிடுகிறார்கள். ஒவ்வொரு வடிவமும் ஒரு தேவைக்கானது என்பது பிராணிகளின் பதில். ஒட்டகத்தின் கால் உயரமானதால், தரையிலுள்ள புல்லை எட்டுவதற்குக் கழுத்து நீண்டது. யானைக்குக் கழுத்து குறுகியதால் அந்த வேலையைத் தும்பிக்கை செய்கிறது.

தூதுவர்களைத் தெரிவு செய்யும் பகுதி இதைவிடச் சுவையானது. நீர்வாழ் பிராணிகள் யாரை அனுப்புவது என்று கூடிப் பேசுகின்றன. மீனுக்கு நடக்கக் கால் இல்லை, தண்ணீருக்கு வெளியே அதனால் தரிக்கவும் முடியாது. ஆமைக்கோ தூரம் அதிகம், நடை மெத்தனம். கடைசியில் தண்ணீரிலும் தரையிலும் வாழக்கூடிய தவளை தெரிவாகிறது. பேச்சு வல்லமையை மட்டும் பார்த்திருந்தால் எந்தப் பிராணியையும் அனுப்பியிருக்கலாம். வழி கடக்க முடியுமா என்பதை முதலில் கேட்டதால்தான் அந்தச் சபை நமக்கு நம்பத்தக்கதாகிறது. வேட்டை மிருகங்களின் தூதுவராக வருவது யார் தெரியுமா? திம்னாவின் சகோதரன் கலீலா! பழைய நூலில் துக்கத்தில் இறந்துபோன நரியை இஹ்வான்கள் உயிரோடு கூட்டி வந்திருக்கிறார்கள்.

இவ்வளவு அக்கறை ஏன் என்பதற்குக் காரணம் அல்குர்ஆனில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஸூரத்துல் அன்ஆமின் 38ஆவது வசனம், ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது. ஸூரத்துந் நம்லில் பேசும் எறும்பு, ஸுலைமான் (அலை) அவர்களின் படை மிதித்துவிடாமல் புற்றுகளுக்குள் போய்விடும்படி தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. அரசாட்சியைப் பற்றியோ போரைப் பற்றியோ அது பேசவில்லை. எறும்பின் உலகில் ஒரு படை என்றால் மிதிக்கும் கால்கள்தான். அல்குர்ஆன் கதைப் புத்தகமல்ல. அதைக் கதை மரபோடு ஒன்றாக வைத்துப் பேசுவது என் நோக்கமுமல்ல. ஆனால் அதை ஓதி வளர்ந்த ஓர் எழுத்தாளனுக்கு, பிராணி பேசினால் எதைப் பற்றிப் பேசும் என்பது அங்கேயே தெரிந்திருக்கும்.

வழக்கின் முடிவு பிராணிகளுக்குச் சாதகமாகவில்லை. வடிவம், அறிவு, தொழில் என்று மனிதர் சொன்ன ஒவ்வொரு வாதத்துக்கும் அவை பதில் வைத்திருந்தன. மறுமை வாழ்வும் மனிதரிடையே தோன்றிய நல்லடியார்களும் என்ற கடைசி வாதத்துக்குத்தான் அவற்றிடம் பதில் இல்லை. தங்களால் எட்ட முடியாத இடத்தில் அவை நின்றுவிடுகின்றன. ஆமை ஓட ஏலாமல் நின்றதுபோலத்தான் இதுவும். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்குள், சுமை ஏற்றிய முதுகும் அடிபட்ட வயிறும் வாசகனின் மனத்தில் பதிந்துவிடுகின்றன. 1316இல் கலோனிமுஸ் இதை ஹீப்ரு மொழிக்கும், 1810இல் கல்கத்தாவில் மௌலவி இக்ராம் அலி உருது மொழிக்கும் கொண்டுபோனார்கள்.

இன்று நம்மவர்கள் எழுதும் சிறுவர் கதைகளில் முயல் பாடசாலைக்குப் போகிறது, சிங்கம் தேர்தலில் நிற்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கதையிலிருந்து முயலைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது, தன்னைப் பற்றியும் அதிகம் கிடைக்காது. எழுதுகிறவர் பேனையை எடுக்குமுன் மூத்தம்மாவின் கேள்வியைத் தனக்குள் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்: இந்தப் பிராணிக்கு எது ஏலாது? கதை அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும்.